கம்போடியாவில் ஏன் எல்லாரும் பேசியே அனுப்புகிறார்கள்?

2018ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்துக்குள்ளே ஒரு புதிர் கிளம்பியது. மெசஞ்சர் செயலியில் உலகம் முழுக்கப் போகிற குரல் செய்திகளில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது இந்தியாவும் இல்லை, பிரேசிலும் இல்லை. ஒன்றரைக் கோடி சொச்சம் மக்கள் மட்டுமே இருக்கிற கம்போடியா. ஏன்னு அங்கே யாருக்கும் தெரியவில்லை. படிப்பறிவு குறைவாக இருக்குமோ, ஒரு கருத்துக்கணிப்பு நடத்திப் பார்க்கலாமான்னு ஒரு ஊழியர் கேட்டிருக்கிறார். 2020இல் குரல் வசதியை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் ஓர் ஆய்வும் நடந்தது. அதில் சிக்கிய கம்போடியர் ஒரே ஒருவர்தான். முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த உள்ளாவணங்களில் இந்தக் கதை இருந்தது. 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்' இதழ் அதைத் தோண்டி எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது.

படிப்பறிவு என்கிற ஊகம் ஏன் சரிப்படாது? 2008 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கம்போடியப் பெரியவர்களில் முக்கால்வாசிக்கு மேல் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள். அதைவிடப் படிப்பறிவு குறைந்த நாடுகள் நிறைய உண்டு, அங்கெல்லாம் இப்படி நடக்கவில்லை. கம்போடியாவிலோ ஆட்டோ மாதிரி ஓடுகிற டுக்-டுக் ஓட்டுநர் முதல் அன்றைய பிரதமர் ஹுன் சென் வரைக்கும் பேசித்தான் அனுப்பினார்கள். பிரதமருக்கு எழுதப்படிக்கத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

வாசிக்கத் தெரிவது ஒன்று, கையால் எழுதத் தெரிவது இன்னொன்று, விசைப்பலகையில் தட்டத் தெரிவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் புதிர் புதிராகவே நின்றது. கெமர் மொழிக்கு மூன்றாவது படி மட்டும் ஏன் இவ்வளவு உயரமாகிப் போனது என்பதற்கு எழுபது வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப்போகிறோம்.

பல்லவர் எழுத்திலிருந்து வந்த ஓர் எழுத்து

கெமர் எழுத்து நமக்குத் தூரத்து உறவுதான். காஞ்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போன பல்லவர் எழுத்துதான் அதன் மூதாதை. ஆண்டு குறிப்பிட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு அங்கோர் போரேய் என்ற ஊரில் கிடைத்தது, கி.பி. 611ஐச் சேர்ந்தது.

கின்னஸ் புத்தகம் கெமருக்கு 74 எழுத்துகள், உலகத்திலேயே நீளமான நெடுங்கணக்கு அதுதான் என்கிறது. உடனே நமக்கு 247 இருக்கேன்னு கேட்கத் தோன்றும். நாம் எண்ணுவது உயிர்மெய்யையும் சேர்த்து. அவர்கள் எண்ணியது அடிப்படைக் குறிகளை மட்டும், அதிலும் இன்று வழக்கில் இல்லாத சிலதையும் சேர்த்து. நம்ம கணக்கில் அதே வேலையைச் செய்தால் கெமர் எங்கேயோ போய்விடும்.

இவ்வளவு எழுத்து எதற்கு? முதலாவது காரணம், வடமொழி ஒலிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தனித்தனி மெய்யெழுத்து இருக்கிறது. க வரிசையில் நமக்கு ஒன்று இருக்கும் இடத்தில் அவர்களுக்கு நான்கு. ஆனால் காலப்போக்கில் பேச்சில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மெய்யிலிருந்து விலகி உயிரொலிக்கு இடம் மாறிவிட்டது. அதனால் மெய்யெழுத்துகள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரே உயிர்க்குறியை முதல் அணி எழுத்தோடு சேர்த்தால் 'கா' என்று ஒலிக்கும், இரண்டாம் அணி எழுத்தோடு சேர்த்தால் 'கிஅ' மாதிரி ஒலிக்கும். ஆக, எந்த மெய்யைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் உயிரொலியையே தீர்மானிக்கிறது. ஓர் எழுத்தையும் கழித்துவிட முடியாது.

இரண்டாவது காரணம் பாத எழுத்து. இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாம் நடுவில் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவோம். கெமரில் இரண்டாவது மெய் சுருங்கி, முதல் மெய்யின் காலடியில் போய் உட்காரும். அந்தச் சின்ன வடிவத்துக்குப் பெயரே பாதம் என்ற பொருளுடைய சொல்தான். ஏறக்குறைய எல்லா மெய்க்கும் இப்படி இரண்டாவது வடிவம் உண்டு. சில பாத வடிவங்களுக்கும் மூல எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

கையால் எழுதும்போது இது எதுவும் பெரிய சுமை இல்லை. பழகிய கை தானாகப் போகும். சுமை ஏறியது இயந்திரத்தில் ஏற்றியபோதுதான்.

தட்டச்சுப் பொறி, லிமோன், பிறகு யூனிகோட்

கெமருக்குத் தட்டச்சு விசைப்பலகையை 1950களில் வடிவமைத்தவர் கெங் வன்சாக் என்ற மொழியறிஞர். (பாரிஸில் இவர் வீட்டில் கூடிய மாணவர் வட்டத்தில்தான் பின்னாளில் போல் பாட் ஆன சலோத் சாரும் இருந்தார். அது வேறு கதை.) ஒரு தட்டச்சுப் பொறியில் சுமார் 45 சாவி, ஷிஃப்டோடு சேர்த்தால் 90 இடம். மெய் 33, அவற்றின் பாத வடிவங்கள், உயிர்க்குறிகள், தனி உயிர்கள், எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கவே அடங்காது. துண்டு துண்டாக ஒட்டித்தான் சமாளிக்க வேண்டும். இப்படி ஒரு பொறியை அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் பழகிக்கொள்ளலாம், ஊரே பழகாது. பிறகு 1975இல் கெமர் ரூஜ் ஆட்சி வந்து நகரங்களைக் காலி செய்தபோது அலுவலகம், பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாமே நின்றுபோனது. தட்டச்சு ஒரு பொதுப்பழக்கமாக வேரூன்றுவதற்கு அங்கே வாய்ப்பே கிடைக்கவில்லை.

அடுத்து கணினி வந்தது. 1990களில் நம்ம ஊரில் பாமினி போன்ற எழுத்துருக்கள் செய்த வேலையை அங்கே லிமோன் எழுத்துருக்கள் செய்தன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு, மேலே கெமர் படம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். அச்சடிக்க இது போதும். தேட, வரிசைப்படுத்த, மின்னஞ்சலில் அனுப்பப் போதாது.

1999இல் வெளிவந்த யூனிகோட் 3.0இல் கெமர் சேர்ந்தது. இதில் ஒரு பெரிய சண்டை. பாத எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தராமல், இந்திய எழுத்துகளுக்குச் செய்த மாதிரியே ஒரு 'இணைப்புக் குறி'யை மட்டும் வைத்தார்கள். அதாவது மெய், இணைப்புக் குறி, மெய் என்று தட்டினால் இரண்டாவது மெய் தானாகப் பாதமாக மாறும். நம்ம புள்ளிக்குக் கொஞ்சம் சொந்தக்காரன், ஆனால் ஒரு வித்தியாசம். நம்ம புள்ளி கண்ணுக்குத் தெரியும், காகிதத்திலும் எழுதுவோம். கெமரின் இணைப்புக் குறிக்கு உருவமே கிடையாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத, எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு எழுத்தைத் தட்டச்சில் மட்டும் தட்ட வேண்டும். எங்களிடம் சரியாகக் கேட்காமலேயே முடிவெடுத்துவிட்டீர்கள், பாத எழுத்துகளுக்குத் தனி எண் கொடுங்கள் என்று கம்போடிய அரசுத் தரப்பு 2000களின் தொடக்கத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. ஏற்கெனவே தரமாகிவிட்டதை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சில எழுத்துகளை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கினார்கள், சில குறிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். அடிப்படை மாறவில்லை.

இதன் விளைவு இன்றைக்கும் இருக்கிறது. உதாரணமாக, இரண்டு மெய்களுக்குப் பாத வடிவம் ஒரே மாதிரி இருக்கும். திரையில் பார்த்தால் எதைத் தட்டினார்கள் என்றே தெரியாது. உள்ளே எண் வேறு. ஒருவர் ஒரு விதமாகத் தட்டி வைத்ததை இன்னொருவர் வேறு விதமாகத் தேடினால் கிடைக்காது. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற தப்பு என்பதால் திருத்தவும் வழியில்லை.

ஒரு வாக்கியத்தைத் தட்டிப் பார்ப்போம்

'நான் சந்தையில் இருக்கேன்' என்பதைக் கெமரில் சொன்னால் மூன்றே அசை: க்ஞொம் நௌ ப்சா. அதன் முதல் சொல்லான 'நான்' மட்டும் உள்ளே இப்படி இருக்கிறது:

```
ខ្ញុំ
U+1781 U+17D2 U+1789 U+17BB U+17C6
```

ஒரு அசைக்கு ஐந்து குறிகள். இரண்டாவதாக இருக்கிற U+17D2தான் அந்த உருவமில்லாத இணைப்புக் குறி. மூன்று சொல்லையும் சேர்த்தால் மொத்தம் 12 குறிகள்.

கம்போடிய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பாக இருந்த NiDA வகுத்த விசைப்பலகையில் கடைசி இரண்டு குறிகளுக்கும் சேர்த்து ஒரே சாவி இருக்கிறது. அதனால் 12 குறிக்கு 11 சாவி. அதில் இரண்டு ஷிஃப்ட் அடுக்கில் இருக்கின்றன. கைப்பேசியில் ஷிஃப்டுக்குத் தனியாக ஒரு தட்டு என்று வைத்தால் 13 தட்டு.

13 ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லையேன்னு தோன்றும். நியாயமான கேள்வி. 'நான் சந்தையில் இருக்கேன்' என்பதைத் தமிழில் எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு சேர்த்து 24 குறிகள் வருகிறது. கெமரைவிட இரண்டு மடங்கு! அப்படின்னா எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை.

காரணம் தேடுவதில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் ஒரு வரிசைக்குப் பத்து, பதினொரு சாவிக்கு மேல் வைத்தால் விரல் தவறும். அதனால் கெமர் எழுத்துகள் அடுக்கடுக்காகப் போகின்றன. இந்த எழுத்து முன் அடுக்கிலா, பின் அடுக்கிலா, எந்த மூலையில் என்று ஒவ்வொன்றுக்கும் கண் அலைய வேண்டும். தினமும் கணினியில் தட்டுகிற அலுவலகக்காரருக்கு இது மனப்பாடம். கைப்பேசியில்தான் முதன்முதலாக விசைப்பலகையையே பார்க்கிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு தேடல்.

தமிழில் நாம் தப்பித்தது வேறு வழியில். நிறையப் பேர் ஆங்கிலச் சாவியிலேயே 'naan' என்று தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கிறோம். ஒரே அடுக்கு, ஏற்கெனவே பழகிய இடம். இந்த வித்தை பலிக்க வேண்டுமென்றால், தன் மொழியை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் மக்களுக்குள் ஓரளவு ஒற்றுமை வேண்டும். தமிழின் ஐந்து குறில், ஏழு நெடிலுக்கு அது முடிகிறது. கெமரில் உயிரொலிகள் மட்டுமே முப்பதை நெருங்கும். ஆங்கிலத்தில் இருப்பதோ ஐந்து உயிரெழுத்து. 'நான்' என்பதையே ஒருவர் 'knhom' என்பார், இன்னொருவர் 'khnhom' என்பார், மற்றவர் 'nhom' என்பார். நண்பர்களுக்குள் அப்படி எழுதிப் புரிந்துகொள்ளலாம், புரிந்துகொண்டும் இருந்தார்கள். அதை இயந்திரம் சரியான கெமராக மாற்றுவது மிகக் கடினம்.

இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். 'ப்சா' (சந்தை) என்ற சொல்லின் கடைசியில் எழுத்தில் ஒரு 'ர' இருக்கிறது, வாயில் வராது. பேச்சில் இல்லாததை நினைவில் வைத்துத் தட்ட வேண்டும். படிக்கும்போது இது தொந்தரவே இல்லை, பார்த்ததும் சொல் புரிந்துவிடும். எழுதும்போதுதான் கை நிற்கும். தப்பாக எழுதினால் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

காதுக்கு வந்த தொலைபேசி

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. போரில் தரைவழித் தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அழிந்திருந்த கம்போடியாவில் 1990களின் தொடக்கத்தில் நேராகச் செல்பேசி வந்தது. தரைவழி இணைப்புகளைவிடச் செல்பேசிகள் அதிகமான முதல் நாடு அதுதான், 1993இலேயே. அந்தச் செல்பேசிகளில் கெமர் எழுத்து கிடையாது. பிறகு வந்தவற்றிலும் யூனிகோடில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிதான், ஆங்கிலத்துக்கு 160. தொடக்கக் கால ஆண்ட்ராய்டுகளில் கெமர் சரியாக ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும். ஆக, ஒரு தலைமுறைக்குப் போன் என்றால் பேசுகிற கருவிதான். அதில் எழுதலாம் என்பதே பின்னால் வந்த செய்தி.

இந்த நேரத்தில்தான் குரல் செய்தி வருகிறது. ஆசியாவில் இதைப் பெரிய அளவில் பரப்பியது சீனாவின் வீசாட். 2011 ஜனவரியில் தொடங்கிய அந்தச் செயலியில் அதே ஆண்டு மே மாதம் குரல் செய்தி சேர்ந்தது, அதன் பிறகுதான் செயலி வேகம் பிடித்தது. மெசஞ்சரில் 2013 ஜனவரியில், வாட்ஸப்பில் அதே ஆண்டு ஆகஸ்டில்.

அமைப்பு ரொம்ப எளிது. பொத்தானை அழுத்திப் பிடி, பேசு, விரலை எடு. நொடிக்கு 16 கிலோபிட் அளவில் ஒலியைச் சுருக்கினால் பத்து நொடிப் பேச்சு 20 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஒரு சின்னப் படத்தைவிடக் குறைவு. மெதுவான இணைப்பிலும் போய்ச் சேரும். அழைப்பு மாதிரி எதிராளி அப்போதே எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த வசதிக்கு கெமர் மொழியைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துரு வேண்டாம், யூனிகோட் வேண்டாம், விசைப்பலகை வேண்டாம், சொல்லகராதி வேண்டாம். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து செய்தவருக்கு கெமர் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாவிட்டாலும் அது கெமரில் கச்சிதமாக வேலை செய்யும். ஐம்பது வருஷமாக எழுத்துப் பக்கம் அடைந்து கிடந்த வழியை அது சுற்றிக்கொண்டு போய்விட்டது. எதுக்குன்னு தெரியாமலே செய்து கொடுத்தவர்கள், ஏன் இவ்வளவு ஓடுதுன்னு புரியாமல் விழித்ததும் அதனால்தான்.

பேச்சை எழுத்தாக்குவது வேறு வேலை

பேசினால் போதும், எழுத்தாகவே மாறிவிடும் என்பது இரண்டாவது வழி: குரல்வழித் தட்டச்சு. வெளியே பார்க்க இரண்டிலும் ஒரே மைக் படம்தான். உள்ளே நேர் எதிர். குரல் செய்தி மொழியிடம் எதுவும் கேட்கவில்லை. குரல்வழித் தட்டச்சு எல்லாவற்றையும் கேட்கிறது.

கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் கெமரைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். அன்றைக்குச் சேர்ந்த சுமார் முப்பது மொழிகளில் தமிழும் இருந்தது, சிங்களமும் லாவோவும் இருந்தன. அதாவது குரல் செய்தி வந்து நாலரை வருஷம் கழித்து. தாமதத்துக்குக் காரணம் அதே பழைய சிக்கல்கள்தான், வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தவை.

முதலாவது, கெமரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. வாக்கியம் அல்லது தொடர் முடியும் இடத்தில்தான் இடைவெளி. நம்ம பழைய ஓலைச்சுவடி மாதிரி ஒரே ஓட்டம். பேச்சறி கருவிக்கு எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கம் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்சொல்லாகப் பிரித்த உரை வேண்டும். NiDA விசைப்பலகையில் இதற்கே ஓர் ஏற்பாடு உண்டு. இடைவெளிச் சாவியைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் விழும், உண்மையான இடைவெளி வேண்டுமானால் ஷிஃப்டோடு தட்ட வேண்டும். ஒழுங்காகத் தட்டுகிறவர்கள் போட்டிருப்பார்கள், மற்றவர்கள் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே கிடைக்கிற உரையில் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் இருக்கும். அதை முதலில் இன்னொரு நிரல் வைத்துப் பிரிக்க வேண்டும், அந்தப் பிரிப்பில் விழுந்த பிழை கடைசிவரை கூடவே வரும்.

இரண்டாவது, ஒலி ஒன்று எழுத்து வேறு. 'கா' என்ற ஒலிக்கு கெமரில் ஒரு பொருள் கெண்டி. அதே ஒலியில் 'வேலை, காரியம்' என்ற பொருளில் இன்னொரு சொல். இது நம்ம 'காரியம்' வந்த அதே வடமொழிக் குடும்பத்துச் சொல், அதனால் எழுத்தில் கடைசியில் ஓர் ஊமை 'ர' இருக்கும். காது வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் கருவி ஊகிக்கும். ஊகம் தப்பினால் விளைவு விசித்திரமாக இருக்கும்: எழுத்துப் பிழையே இல்லாத, ஆனால் பொருள் இடறுகிற வாக்கியம். கையால் தட்டும்போது வருகிற பிழை கோணலாகத் தெரியும், கண் பிடித்துவிடும். கருவி செய்கிற பிழை ஒழுங்காகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அனுப்பும் முன் முழுவதையும் பொருளோடு படிப்பதுதான்.

மூன்றாவது நமக்கு நன்றாகவே தெரிந்த பிரச்சினை. பேச்சு வேறு, எழுத்து வேறு. நொம் பென் நகரப் பேச்சில் மெய்யோடு சேர்ந்து வரும் 'ர' ஒலி பல இடங்களில் தேய்ந்து மறைந்துவிடும். எழுத்தைப் பார்த்து வாசித்த ஒலிப்பதிவில் பழகிய கருவியிடம் சந்தையில் நின்று பேசினால் அது தடுமாறும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று பழகியதிடம் 'போயிட்டிருக்கேன்' என்று சொன்ன மாதிரிதான்.

இத்தனைக்கும் நடுவே ஒரு பெரிய லாபம் உண்டு. ஊமை 'ர' எங்கே வரும் என்று கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். படிக்கத் தெரிந்து, எழுத்துக்கூட்டலில் மட்டும் தயங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான உதவி இல்லை. கம்போடியாவில் பெரும்பான்மை அவர்கள்தான். படிக்கவே தெரியாதவருக்கோ இது உதவாது, கருவி எழுதியது சரியா என்று அவரால் பார்க்க முடியாது. அவருக்குக் குரல் செய்திதான் சரி.

பேச்சு விட்டுப்போன தடம்

குரல் செய்தி கம்போடியாவின் பிரச்சினையைத் தீர்த்தது என்று இங்கே முடித்துவிட்டால் கதை பாதிதான். அது அனுப்புகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்தியது, கேட்கிறவரின் நேரத்தை எடுத்துக்கொண்டது. எழுத்து என்றால் கண்ணை ஓட்டிவிடலாம். நாற்பது நொடிப் பேச்சை நாற்பது நொடி கேட்டாக வேண்டும். கூட்டத்தில், பேருந்தில் கேட்க முடியாது. போன மாதம் சொன்ன விலையை, முகவரியை, வங்கிக் கணக்கு எண்ணைத் தேட முடியாது. சீனாவிலும் இதே முனகல்தான்: வீசாட்டில் ஒரு குரல் செய்திக்கு அறுபது நொடி உச்சவரம்பு, மேலதிகாரிக்கு அறுபது நொடிச் செய்திகளை வரிசையாக அனுப்புவது மரியாதைக் குறைவு என்ற வழக்கமே அங்கே உருவாகிவிட்டது. வீசாட் பிறகு சேர்த்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. வந்த குரல் செய்தியை அழுத்திப் பிடித்தால் எழுத்தாக மாற்றிக் காட்டும். பேசுகிறவர் பேசட்டும், படிக்கிறவர் படிக்கட்டும். எழுத்தில் பிழை இருந்தாலும் மூலக் குரல் பக்கத்திலேயே இருக்கிறது, சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வழிகளும் சேருகிற இடம் இது.

ஆனால் அந்த மாற்றம் நடக்கவும் மொழி தெரிந்த கருவி வேண்டும், கருவிக்கு எழுத்துரை வேண்டும். இங்கேதான் முடிச்சு. மக்கள் பேசியே அனுப்பினால் அன்றாட கெமர் எழுத்தில் பதிவாகாது. அடுத்த சொல்லை ஊகித்துத் தருகிற விசைப்பலகைக்கும், பேச்சறி கருவிக்கும் தேவையான அந்த நடைமுறை உரை குறைவாகவே இருக்கும். தட்டுவது கடினம் என்பதால் பேசினார்கள். பேசியதால் தட்டுவதை எளிதாக்கும் பொருள் சேரவில்லை.

இதற்கு மக்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த வழிகளில் மிகச் சுருக்கமானதைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். குறை எங்கேயாவது இருந்தால் 2018இல் கேட்கப்பட்ட அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. 'இவர்களுக்கு எழுதப்படிக்கத் தெரியாதோ?' என்று கேட்டதற்குப் பதிலாக, சந்தையில் நிற்கிற ஒருவரிடம் 'நான் சந்தையில் இருக்கேன்' என்று தட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று அவர் விரல் எங்கெங்கே தேடி நிற்கிறது என்று பார்த்திருந்தால் போதும். மூன்று அசை, பதின்மூன்று தட்டு. பதில் ஒரு நிமிஷத்தில் கிடைத்திருக்கும்.